ஐந்தாண்டு கேட்கிறார்கள், மூன்றாண்டுதான் இருக்கிறது

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிய நம் பிள்ளைகளில் பலருக்கு வரும் பதில் ஒன்று இருக்கிறது. "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. நிறுவனம் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் எதிர்பார்க்கிறது. உங்கள் விவரங்களைக் கேஐவி செய்து வைக்கிறோம்." இவ்வளவுதான். இதைப் படித்ததும் பிள்ளை கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறது. "சரி, அவங்களே முடியாதுன்னுட்டாங்க, வேற எடத்துல பாரும்மா" என்று வீட்டில் அம்மாவும் ஆறுதல் சொல்லிவிடுகிறார். விவகாரம் அதோடு முடிந்துபோகிறது.

முடிந்துபோக வேண்டியதில்லை. பதிலே போடாமல் விட்டுவிடுவதுதான் இன்றைக்குப் பெரும்பாலான ஆள்சேர்ப்பு முகவர்களின் வழக்கம். அப்படியிருக்க, ஒருவர் நேரம் ஒதுக்கி, குறை இன்னதென்று பெயர் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறார் என்றால், அங்கே ஒரு கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. அந்தப் பதிலுக்கு என்ன மறுமொழி எழுதுவது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுக்குக் கணக்குத் துறையை வைத்துக்கொள்வோம். நம் பெண் பிள்ளைகள் ஏராளமாக இருக்கும் துறை அது.

எழுதுவதற்கு முன், கடிதம் யாருக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். முகவர் அந்த வேலையைக் கொடுப்பவர் அல்லர். அவருக்கு ஒரு நிறுவனம் வேலை கொடுத்திருக்கிறது: இப்படிப்பட்ட ஆள் வேண்டும், ஐந்தாண்டு அனுபவம், சம்பளம் இவ்வளவு. அவர் நான்கைந்து பேரைப் பொறுக்கி அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவரை நிறுவனம் எடுத்துக்கொண்டால்தான் முகவருக்குக் கூலி. அந்தக் கூலி பெரும்பாலும் அந்த ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படும். ஐந்தில் ஒரு பங்கு என்பது சாதாரணம். மாதம் 4,800 வெள்ளிச் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 57,600 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கு 11,520 வெள்ளி. போன ஆள் இரண்டு மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டால், முகவர் கட்டணமில்லாமல் இன்னோர் ஆளைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

இப்போது அவர் நிலையில் இருந்து பாருங்கள். ஐந்தாண்டு கேட்ட நிறுவனத்துக்கு மூன்றாண்டுக்காரரை அனுப்பினால், "நாங்கள் கேட்டது என்ன, நீங்கள் அனுப்பியது என்ன?" என்று நிதி மேலாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கு முகவரிடம் பதில் இல்லை. கணக்குத் துறையின் உள்விவரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. காலையில் கணக்கர், மதியம் விற்பனையாளர், மாலையில் கிடங்கு மேற்பார்வையாளர் என்று அவர் ஆள் தேடிக்கொண்டிருப்பவர். அதனால் எண்ணைப் பார்க்கிறார், எண் குறைகிறது, மறுக்கிறார்.

ஆகவே விண்ணப்பதாரரின் மறுமொழிக்கு வேலை ஒன்றுதான். நிதி மேலாளர் கேட்கப்போகும் அந்தக் கேள்விக்கான பதிலை முகவரின் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஒரு பையனுக்கு வேலை கேட்டால், கிராணியார் துரையிடம் போய் என்ன சொல்வது என்பதையும் சேர்த்தே பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். இன்று முகவர் இருப்பது அந்தக் கிராணியாரின் இடத்தில்தான். அவர் வெட்டி எடுத்து அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பக்கூடிய மூன்று நான்கு வாக்கியங்கள் வேண்டும்.

அடுத்து, ஐந்தாண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? விளம்பரம் எழுதியவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவருக்கு ஐந்தாண்டு அனுபவம் இருந்திருக்கலாம். அல்லது அந்தச் சம்பளப் படிக்கு நிறுவனத்தில் வழக்கமாகப் போடும் எண்ணாக இருக்கலாம். பெரும்பாலும் அது வேறு சிலவற்றுக்குப் பதிலாக நிற்கும் எண். மாத இறுதியில் யாரும் பக்கத்தில் நிற்காமலே கணக்கை முடித்துவிடுவாரா? கணக்காய்வாளர் வந்து கேள்வி கேட்டால் தடுமாறாமல் காட்டுவாரா? கீழே இருக்கும் எழுத்தர் தவறு செய்தால் கண்டுபிடிப்பாரா? இவற்றை விளம்பரத்தில் எழுதுவது கடினம். ஐந்தாண்டு என்று எழுதுவது எளிது.

சில இடங்களில் அந்த எண் அப்படி வளையாது. மலேசியக் கணக்காளர் கழகத்தில் கணக்காளராகப் பதிவு பெற, உரிய தகுதியோடு மூன்றாண்டு நடைமுறை அனுபவமும் வேண்டும். பொறியியல் பட்டதாரி தொழில்முறைப் பொறியாளராக உயரவும் குறைந்தது மூன்றாண்டு நடைமுறை அனுபவம் கேட்கப்படுகிறது. பதிவு பெற்றவர்தான் வேண்டும் என்று விளம்பரம் கேட்டால், அங்கே அழகாகக் கடிதம் எழுதிப் பயனில்லை. அரசாங்கக் குத்தகைகளில் ஊழியர் பட்டியலோடு அனுபவ ஆண்டுகளையும் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டிய வேலைகளும் அப்படித்தான். முகவரிடம் ஒரு வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: "இந்த ஐந்தாண்டு, பதிவுக்கோ குத்தகைக்கோ தேவைப்படும் நிபந்தனையா?" ஆமாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இல்லை என்றால் பேச இடமிருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. ஆண்டுக் கணக்கைச் சாக்காகச் சொல்லிவிட்டு, உண்மையான காரணம் வேறாக இருப்பது. கேட்ட சம்பளம் அதிகமாக இருக்கலாம். விளம்பரத்தில் எழுதாத ஒரு மொழி தேவைப்படலாம். ஆளையே ஏற்கெனவே எடுத்திருக்கலாம். எப்படி அறிவது? "நிறுவனம் குறைந்தது ஐந்தாண்டு கேட்கிறது" என்று திட்டமாகச் சொன்னால் பெரும்பாலும் அதுதான் காரணம். "இப்போதைக்குப் பொருத்தமாக இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் கிடைத்த பிறகு ஆண்டு போதாது என்றால், தடை சம்பளமாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாம் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுதான். ஆனால் இதில் வரும் வரிகளும் தேதிகளும் நம் நாட்டில் உள்ளபடியே உள்ளவை.

கிள்ளானில் இருக்கிறார். கணக்கியல் பட்டதாரி. படிக்கும்போது ஆறு மாதம் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி. பிறகு 2022 மார்ச் மாதத்தில் துறைமுகத்தின் அருகே சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கராகச் சேர்ந்தார். 2025 மே மாதத்தில், ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு மூத்த கணக்கர் வேண்டும் என்ற முகவரின் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். விளம்பரத்தில் இருந்தவை: ஐந்தாண்டு அனுபவம், அலுவலகங்களில் 'ஃபுல் செட்' என்று சொல்லும் முழுக் கணக்கையும் கையாள வேண்டும், ஆண்டுக் கணக்காய்வுக்குப் பொறுப்பு, சரக்கிருப்புக் கணக்கு, இ-இன்வாய்ஸ் நடைமுறையைத் தொடங்க உதவ வேண்டும். இரண்டு நாளில் அந்த கேஐவி பதில் வந்தது. அவருடைய முழுநேர அனுபவம், ஏப்ரல் முடிய, 38 மாதம். அதாவது மூன்றாண்டு இரண்டு மாதம்.

இந்த 38 மாதத்தை வேறு அளவால் அளந்து பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் ஒரு மூத்த கணக்கரின் கீழ் வேலை செய்தார். அவர் விலகிவிட்டதால், 2022 செப்டம்பர் முதல் மாதக் கணக்கை இவரே முடிக்கிறார். நிதி மேலாளர் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். 2025 ஏப்ரல் வரை எண்ணினால் 32 மாதக் கணக்கு முடிப்பு. நிறுவனத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. எனவே 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுக் கணக்காய்வைப் பார்த்துவிட்டார். முதலாவதில் நிதி மேலாளர் உடனிருந்தார். கடைசி இரண்டுக்கும் கணக்காய்வாளர் கேட்ட அட்டவணைகளை இவரே தயாரித்தார்.

இதோடு, ஒரு பெரிய நிறுவனத்தில் ஐந்தாண்டு இருந்தவரை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கணக்குப் பிரிவில் இருபது பேர். இவர் 60 மாதமும் விற்பனையாளர்களின் பில்களைப் பதிவு செய்து பணம் செலுத்தும் வேலையை மட்டும் பார்த்திருக்கிறார். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் மாதக் கணக்கை முழுமையாக முடித்ததில்லை. கணக்காய்வாளரோடு நேரில் உட்கார்ந்ததுமில்லை. முகவரின் பட்டியலில் இவர் தேறிவிடுகிறார், கிள்ளான் பெண் தேறவில்லை. ஆண்டுக் கணக்கைக் கொண்டு ஆள் பொறுக்குவதில் இருக்கும் கோளாறு இது.

அடுத்தது இன்னும் சுவையானது. சில வேலைகள் புதியவை. அவற்றில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவரே நாட்டில் கிடையாது. பொருள் சேவை வரி நினைவிருக்கிறதல்லவா? 2015 ஏப்ரல் 1-இல் வந்தது, 2018 ஆகஸ்ட் மாதத்தோடு போனது. மொத்தம் 41 மாதம். அந்த வரியில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்று எவராவது கேட்டிருந்தால், இந்த நாட்டில் ஒருவர்கூட அதற்குத் தகுதி பெற்றிருக்க முடியாது.

இ-இன்வாய்ஸும் அப்படித்தான். ஆண்டு விற்பனை பத்துக் கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அது 2024 ஆகஸ்ட் 1-இல் கட்டாயமானது. இரண்டரைக் கோடிக்கு மேல் பத்துக் கோடி வரை உள்ளவற்றுக்கு 2025 ஜனவரி 1. ஐம்பது லட்சத்துக்கு மேல் இரண்டரைக் கோடி வரை உள்ளவற்றுக்கு 2025 ஜூலை 1. நம் பெண் வேலை செய்யும் சரக்கு நிறுவனம் இரண்டாம் பிரிவில் வந்தது. ஜனவரியிலிருந்து வருமான வரி வாரியத்தின் இணையவாயிலுக்கு விலைப்பட்டியல்களை அனுப்புவதும், நிராகரிக்கப்பட்டவற்றைத் திருத்துவதும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளரின் வரி எண் தவறாக இருந்தால் விலைப்பட்டியல் திரும்பி வரும். அந்த எண்களை ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்டு வாங்குவதுதான் இதில் பெரிய பாடு என்பதும் அவருக்குத் தெரியும். 2025 மே மாதத்தில், கட்டாயத்தின் பேரில் தொடங்கிய பெரிய நிறுவனங்களுக்கே ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது அவருடைய நான்கு மாதம் சிறியதல்ல.

சரக்குப் போக்குவரத்துச் சேவைகளுக்கு 2024 மார்ச் 1-இல் ஆறு விழுக்காடு சேவை வரி வந்ததையும் இதே வகையில் சேர்க்கலாம். முதல் நாளிலிருந்தே அவர் அதைக் கையாண்டார். ஆனால் தொழிற்சாலைக்கு அந்த வரி நேரடியாகத் தேவைப்படாது. அதனால் கடிதத்தில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். தெரிந்ததையெல்லாம் கொட்டுவது மறுமொழிக்கு உதவாது. விளம்பரத்தில் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும்.

இனி அவரிடம் இல்லாதது. சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் சொந்தச் சரக்கிருப்பு கிடையாது. மூலப்பொருள், பாதி முடிந்த பொருள், முடிந்த பொருள் என்று பிரித்து அடக்கவிலை போடும் வேலையை அவர் செய்ததில்லை. தொழிற்சாலையின் நிதி மேலாளர் முதலில் கேட்கப்போவதே இதைத்தான். இதை மறைத்தால் நேர்முகத் தேர்வின் பத்தாவது நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும், முகவருக்கும் தலைகுனிவு. ஆனால் கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தபோது, இரண்டு தொழிற்சாலைகளில் ஆண்டிறுதிச் சரக்கு எண்ணிக்கைக்குப் போயிருக்கிறார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குகளுக்கு இடையே நடந்து, எண்ணியதும் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவர். அது அடக்கவிலைக் கணக்கு ஆகாது. ஆனாலும் முற்றிலும் அறியாதவரும் அல்லர்.

இவ்வளவையும் வைத்து அவர் எழுதும் மறுமொழி எப்படி இருக்கும்? நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் அதன் உள்ளடக்கம் இது:

"உடனே பதில் அனுப்பியதற்கு நன்றி. நிறுவனம் ஐந்தாண்டு எதிர்பார்க்கிறது என்பதை அறிந்துகொண்டேன். என் முழுநேர அனுபவம் மூன்றாண்டு இரண்டு மாதம். இருப்பினும், கீழே உள்ள விவரங்களோடு என் விண்ணப்பத்தை நிதி மேலாளரின் பார்வைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

2022 செப்டம்பர் முதல் 32 மாதங்களாக முழுக் கணக்கையும் நானே முடித்து, நிதி மேலாளரின் சரிபார்ப்புக்குக் கொடுத்து வருகிறேன். மூன்று ஆண்டுக் கணக்காய்வுகளில் பங்கேற்றேன். கடைசி இரண்டுக்கும் எல்லா அட்டவணைகளையும் நானே தயாரித்தேன்.

எங்கள் நிறுவனத்தில் இ-இன்வாய்ஸ் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டுவது முதல் நிராகரிக்கப்பட்டவற்றைத் திருத்துவது வரை என் பொறுப்பு.

சரக்கிருப்பின் அடக்கவிலைக் கணக்கை நான் செய்ததில்லை. கணக்காய்வுப் பயிற்சியின்போது இரண்டு தொழிற்சாலைகளின் ஆண்டிறுதிச் சரக்கு எண்ணிக்கையில் கலந்துகொண்டிருக்கிறேன்.

விளம்பரத்தில் உள்ள சம்பள வரம்பு எனக்கு ஏற்புடையதே. ஒரு மாத முன்னறிவிப்பில் சேர முடியும். நிதி மேலாளர் 15 நிமிடம் தொலைபேசியில் பேச ஒப்புக்கொண்டால், அவருக்கு வசதியான எந்த நாளும் சரி."

முடிந்தது. கைப்பேசியில் ஒரு தடவை விரலைத் தள்ளினால் படித்து முடித்துவிடலாம். முகவர் பலரும் கடிதங்களைக் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் இது முக்கியம்.

இதில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலில், மூன்றாண்டு இரண்டு மாதம் என்று அவரே சொல்லிவிடுகிறார். "ஏறக்குறைய நான்காண்டு" என்றோ, பயிற்சியையும் சேர்த்து "கிட்டத்தட்ட ஐந்து" என்றோ எழுதவில்லை. நம் ஊரில் இப்படிக் கூட்டிச் சொல்வது எளிதில் பிடிபட்டுவிடும். வேலை உறுதியாகும் நேரத்தில் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஊழியர் சேமநிதி அறிக்கையும் கேட்கும் நிறுவனங்கள் ஏராளம். சேமநிதி அறிக்கையில் எந்த முதலாளி எந்த மாதம் சந்தா கட்டினார் என்பது வரிசையாக இருக்கும். ஆறு மாதம் கூட்டிச் சொன்னவர், வேலை கிடைத்த பிறகு அதை இழப்பார். பயிற்சிக் காலத்தைச் சொல்லலாம், ஆனால் பயிற்சி என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கேட்பது சிறியது. "என்னையே தேர்ந்தெடுங்கள்" என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தை அனுப்பிப் பாருங்கள், 15 நிமிடம் பேசட்டும் என்றுதான் கேட்கிறார். முகவருக்கு இதில் இழப்பு இல்லை. ஐந்தாண்டு உள்ள மூவரை அனுப்பும்போது, "இவருக்கு ஆண்டு குறைவு, ஆனால் இ-இன்வாய்ஸைத் தொடங்கி நடத்திக்கொண்டிருப்பவர்" என்று நான்காவதாக ஒருவரைச் சேர்ப்பது அவருக்கும் நல்லது. ஜூலையில் அந்த நடைமுறையைத் தொடங்க வேண்டிய நிறுவனம் என்றால், மே மாதத்தில் நிதி மேலாளருக்கு இருக்கும் தலைவலியே அதுவாக இருக்கும்.

மூன்றாவது, சம்பளம். "குறைந்த சம்பளத்துக்கும் வருகிறேன்" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதக் கூடாது. அதைப் படிப்பவருக்கு, ஆண்டு குறைவு என்பது உண்மையிலேயே தரக்குறைவுதான் என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டது போலத் தோன்றும். முகவரின் கூலியும் அதே சம்பளத்தில் இருந்துதான் வருகிறது என்பதையும் நினைவில் கொள்க. விளம்பரத்தில் சொன்ன வரம்புக்குள் சரி என்று சொல்வது போதும். ஐந்தாண்டுக்காரருக்கு உரிய உச்சத் தொகையைக் கேட்டு அடம் பிடிப்பதும் இந்த இடத்தில் பொருந்தாது.

எழுதாமல் விட்டவையும் உண்டு. "கடுமையாக உழைப்பேன், விரைவில் கற்றுக்கொள்வேன்" என்ற வரி இல்லை. அந்த வரி எல்லோர் கடிதத்திலும் இருக்கிறது. முகவரால் அதை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்ல முடியாது. "ஆண்டை வைத்துத் திறமையை எடைபோடலாமா?" என்ற வாதமும் இல்லை. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த விதியை எழுதியவர் முகவர் அல்லவே, அவரிடம் வாதாடி என்ன ஆகப் போகிறது? குடும்பக் கஷ்டம், அப்பாவுக்கு உடல்நலமில்லை என்பவையும் இங்கே வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும், படிப்பவரைச் சங்கடப்படுத்துமே தவிர, நிதி மேலாளரின் கேள்விக்குப் பதிலாகாது.

முகவரைத் தாண்டிக்கொண்டு நேரே நிறுவனத்துக்கு எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விளம்பர வாசகத்தை வைத்து நிறுவனம் எது என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லைதான். ஆனால் முகவர் பெயரைச் சொன்ன பிறகு, அவர் மூலம் தெரிந்துகொண்ட வேலைக்கு நேராக எழுதினால், கூலி யாருக்கு என்ற தகராறு எழும். அந்தத் தகராறில் சிக்க விரும்பாத நிறுவனம் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடும். முகவரும் அடுத்த தடவை அந்தப் பெயரைத் தொட மாட்டார். நிறுவனமே தன் பெயரில் தனியாக விளம்பரம் செய்து, முகவர் அந்தப் பெயரை இன்னும் அனுப்பாமல் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போதும் முகவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

எப்போது அனுப்புவது? அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலையில். பட்டியல் நிறுவனத்துக்குப் போவதற்குள் போய்ச் சேர வேண்டும். புதிய கடிதமாக இல்லாமல், முகவர் அனுப்பிய பதிலின் கீழேயே எழுத வேண்டும். அப்போதுதான் எந்த வேலை, எந்த விண்ணப்பம் என்று அவர் தேட வேண்டியிருக்காது. திருத்திய ரெசுமே ஒன்றையும் இணைப்பது நல்லது. அதில் முதல் பக்கத்தின் மேல்பகுதியிலேயே அந்த 32 மாதமும், மூன்று கணக்காய்வும், இ-இன்வாய்ஸும் தெரிய வேண்டும். பழைய ரெசுமேயில் "கணக்குப் பதிவு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, பிற வேலைகள்" என்று மட்டும் எழுதியிருந்தால், முகவர் எண்ணை மட்டும் பார்த்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் பார்க்க வேறெதுவும் கொடுக்கப்படவில்லை.

எவ்வளவு குறைவு வரை இப்படிக் கேட்கலாம் என்பதற்கு எழுதி வைத்த விதி இல்லை. ஐந்துக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு என்றால் கேட்பதில் தவறில்லை. பத்தாண்டு கேட்கும் நிதி மேலாளர் பதவிக்கு இரண்டாண்டோடு எழுதினால், விளம்பரத்தைப் படிக்கவில்லை என்றே நினைப்பார்கள். விளம்பரத்தில் உள்ள பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பாதிக்கு மேல் "இதைத் தனியாகச் செய்திருக்கிறேன்" என்று மாதத்தோடும் எண்ணிக்கையோடும் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சொல்ல முடியாவிட்டால், அந்த வேலைக்கு ஒரு படி கீழே உள்ள பணி இருக்கிறதா என்று கேட்பதே பொருத்தம்.

மறுமொழி அனுப்பிய பின் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் காலையும் மாலையும் "ஹலோ, ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், நல்ல கடிதம் சம்பாதித்த மதிப்பும் போய்விடும்.

இரண்டாவது தடவையும் இல்லை என்று பதில் வந்தால், கேட்க ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. "நிறுவனம் எதை முக்கியமாகப் பார்த்தது: ஆண்டையா, சரக்கிருப்புக் கணக்கையா?" பல முகவர்கள் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள், அவர்களுக்கும் அடுத்த வேலைக்கு ஆள் தேவைப்படும். சரக்கிருப்புத்தான் என்று பதில் வந்தால், கிள்ளான் பெண் அடுத்துத் தேட வேண்டியது சிறிய தொழிற்சாலை ஒன்றில் அதே நிலைக் கணக்கர் வேலை. ஆண்டுதான் என்று பதில் வந்தால், அதே முகவரிடம் அடுத்த மூன்று நான்கு மாதத்தில் வரும் விளம்பரங்களுக்கு, இதே கடிதத்தில் எண்களை மட்டும் புதுப்பித்து அனுப்பலாம். 32 என்பது அதற்குள் 35 அல்லது 36 ஆகியிருக்கும்.